நெஞ்சறையும் மீயொலியும்

மூச்சுத்திணறலோடு படுக்கையிற் கிடக்கும் நோயாளியின் நெஞ்சினுள்ளே நிகழ்வது யாது என்பதை வெளியே நின்று அறிதற்கு மருத்துவர் நெடுங்காலமாகப் பல வழிகளைத் தேடி வந்துள்ளனர். 1816ஆம் ஆண்டிற் பாரிசு நகரில் லேனெக் என்னும் மருத்துவர் தாளைக் குழலாகச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டார். இன்று மருத்துவரின் கழுத்திலே தொங்கும் நெஞ்சுக்குழல் அதிலிருந்து பிறந்ததே. 1895இல் உறண்ட்சன் எக்ஸ்கதிரைக் கண்டபின், காதினாற் கேட்டதைக் கண்ணாலும் காணும் நிலை வந்தது. ஆயினும் இவ்விரு வழிகளும் மிகவும் வேண்டப்படும் வேளையிலேயே தளர்ந்து விடுவதுண்டு. எழுந்து நிற்க இயலாத நோயாளியை மல்லாக்காகக் கிடத்தியே எக்ஸ்கதிர்ப் படம் பிடிக்க வேண்டும். அந்நிலையில் நெஞ்சறையினுட் புகுந்த காற்று நுரையீரலின் முன்புறமாக மேலெழுந்து பரவும். அங்கே தேங்கிய நீரோ முதுகுப்புறமாகத் தாழ்ந்து பரவும். முன்னிருந்து பின்னாகச் செல்லும் கதிருக்கு இரண்டும் மெல்லிய படலமாகவே தோன்றுதலின், படத்தில் அவை புலப்படாது போவதும் உண்டு.

பொதுமக்கள் 'ஸ்கேன்' என வழங்கும் மீயொலி கருப்பையிலுள்ள சிசுவையும் ஈரலையும் இதயத்தையும் காட்டுதலைப் பலரும் அறிவர். ஆனால் நுரையீரலுக்கு அது பயன்படாது என்பதே பல்லாண்டுகளாக நிலவிய கொள்கை. காற்று நிறைந்த உறுப்பினுள்ளே மீயொலி புகமாட்டாது என்பது அக்கொள்கையின் காரணம். 1986இலே குதிரைகளின் மார்பை மீயொலியால் ஆராய்ந்த விலங்கு வைத்தியர் ஒருவர், நுரையீரலின் அசைவு திரையில் தோன்றுவதையும், நெஞ்சறையுட் காற்றுப் புகுந்தபோது அவ்வசைவு மறைவதையும் குறித்தார். பாரிசு நகரை அடுத்த மருத்துவமனை ஒன்றின் தீவிர சிகிச்சைப் பிரிவிற் பணியாற்றிய டானியேல் லிக்டென்சுடைன் 1990ஆம் ஆண்டுகளில் இதனை மனிதர்பால் முறையாக ஆராய்ந்தார். மீயொலியைக் காற்றுத் தடுப்பது உண்மையே. ஆனால் தடுக்கப்பட்ட ஒலி திரும்பி வந்து திரையில் வரையும் பொய்யுருவங்களும் ஒழுங்கு உடையன. அவ்வொழுங்கே நோயைக் காட்டும் என்பது அவர் கண்ட உண்மை.

இதனை விளங்குதற்கு ஒலியின் இயல்பைச் சிறிது நோக்குதல் வேண்டும். நெஞ்சினை ஆராயும் மீயொலி விநாடிக்கு ஏறக்குறைய 30 இலட்சம் முதல் 50 இலட்சம் வரையான மீடிறன் கொண்டது. அது தசையினூடே விநாடிக்கு 1540 மீற்றர் விரைவிற் செல்லும். ஓர் ஊடகத்திலிருந்து வேறோர் ஊடகத்துக்குச் செல்லும்போது ஒலியின் ஒரு பகுதி தெறித்து மீளும். எத்துணைப் பகுதி மீளும் என்பது அவ்விரு ஊடகங்களும் ஒலிக்குக் கொடுக்கும் தடை எவ்வளவு வேறுபடுகின்றது என்பதைப் பொறுத்தது. தசையின் ஒலித்தடை காற்றினதைப்போல் ஏறக்குறைய 4000 மடங்கு. ஆதலின் தசையும் காற்றும் சந்திக்கும் முகத்தில் நூற்றுக்கு 99.9 பங்கு ஒலி தெறித்து விடுகின்றது. நீருக்கும் தசைக்கும் இடையே அத்தகைய வேறுபாடு இல்லை. ஆகவே ஒலி நீரினூடே தடையின்றிச் செல்லும். நுரையீரலின் மேற்பரப்பிலே காற்றும் நீரும் எவ்விகிதத்தில் உள்ளன என்பதே திரையில் எவ்வுருவம் தோன்றும் என்பதை முடிவு செய்கின்றது. பின்னே கூறப்படும் நான்கு நோய்களும் இவ்விகிதத்தின் நான்கு நிலைகள் எனக் கொள்ளலாம்.

முதலில் நலமுடைய நெஞ்சினை எடுத்துக் கொள்வோம். களிம்பு பூசிய ஆய்முனையை இரு விலா என்புகளுக்குக் குறுக்காக, மார்பின் முன்புறத்தில் வைத்தால், என்புகள் இரண்டும் வளைந்த வெண்கோடுகளாகவும் அவற்றின் கீழே கருநிழல்களாகவும் தோன்றும். அவ்விரண்டுக்கும் இடையே, என்பின் மட்டத்துக்கு ஏறக்குறைய அரைச் சென்ரிமீற்றர் கீழே, ஒளிமிக்க கிடைக்கோடு ஒன்று காணப்படும். இதுவே புடைக்கோடு. நெஞ்சுச் சுவரின் உட்புறத்தைப் போர்த்த புடைச்சவ்வும், நுரையீரலைப் போர்த்த புடைச்சவ்வும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் இடம் அது. மூச்சு உள்வாங்கும்தோறும் நுரையீரல் கீழே இறங்கி, வெளிவிடும்தோறும் மேலே ஏறுதலால், அக்கோடு பளபளத்து வழுக்கிச் செல்வதுபோலத் தோன்றும். இதனை வழுக்கசைவு என்போம்.

புடைக்கோட்டின் கீழே காணப்படுவன உண்மையான உறுப்புக்கள் அல்ல. தோலிலிருந்து புடைக்கோடு 2.5 சென்ரிமீற்றர் ஆழத்தில் இருப்பதாகக் கொள்க. அங்கே தெறித்த ஒலி ஆய்முனையை அடைந்து, அதன் முகத்தில் மறுபடியும் தெறித்து, மீண்டும் புடைக்கோட்டுக்குச் சென்று திரும்பும். இரண்டாம் முறை வந்த ஒலி இருமடங்கு நேரம் எடுத்ததால், இருமடங்கு ஆழத்திலிருந்து வந்ததாகவே பொறி கணக்கிடும். ஆகவே 5 சென்ரிமீற்றரில் ஒரு கிடைக்கோடும், 7.5 சென்ரிமீற்றரில் இன்னொரு கிடைக்கோடும் தோன்றும். சம இடைவெளியில் அமைந்த இக்கோடுகள் ஏ-கோடுகள் எனப்படும். புடைக்கோட்டின் கீழே காற்று உள்ளது என்பதே இவை தரும் செய்தி. அக்காற்று நுரையீரலின் உள்ளே இருக்கின்றதா, வெளியே இருக்கின்றதா என்பதை இவை கூறமாட்டா.

இவ்வேறுபாடே புடைக்காற்று நோயில் உயிர்நிலையாவது. நுரையீரலிலோ நெஞ்சுச் சுவரிலோ துளை ஏற்பட்டு, இரு புடைச்சவ்வுகளுக்கும் இடையே காற்றுப் புகுந்தால் நுரையீரல் சுருங்கி உள்வாங்கும். அப்பொழுதும் சுவரின் சவ்வுக்குக் கீழே காற்றே இருத்தலின் ஏ-கோடுகள் முன்போலவே தோன்றும். அசைவற்ற படத்தை மாத்திரம் நோக்குபவருக்கு நலமும் நோயும் ஒன்றாகவே தெரியும். மாறியது அசைவு ஒன்றே. நுரையீரல் சுவரைத் தொடாமையால் வழுக்கசைவு மறைந்துவிடும். ஆதலின் வழுக்கசைவு காணப்படுமாயின், ஆய்முனை வைத்த அவ்விடத்தின் கீழே புடைக்காற்று இல்லை என உறுதியாகக் கூறலாம். மல்லாந்து கிடப்பவரில் காற்று முன்புறத்தின் மிக உயர்ந்த பகுதியிலே திரளுமாகையால், அவ்விடத்தை இருபுறமும் நோக்குவதே முதற்படி.

இதன் மறுதலை உண்மையன்று என்பதை மறத்தலாகாது. வழுக்கசைவு இல்லை என்பதனால் மாத்திரம் புடைக்காற்று உண்டு என முடிவு செய்தல் பெரும் பிழை. முன்வந்த நோயினாற் புடைச்சவ்வுகள் ஒட்டிப் போயிருந்தாலும், நுரையீரல் அழற்சியால் விறைத்திருந்தாலும், மூச்சு நின்றிருந்தாலும், அப்பகுதிக்குக் காற்றுச் செல்லும் குழாய் அடைபட்டிருந்தாலும் அசைவு மறையும். உறுதி கூறும் குறி வேறொன்று உண்டு. ஆய்முனையை மார்பின் முன்புறத்திலிருந்து விலாப்புறமாகச் சிறிது சிறிதாக நகர்த்திச் செல்ல வேண்டும். சுருங்கிய நுரையீரல் சுவரைத் தொடும் எல்லையை அடைந்ததும், மூச்சு உள்வாங்கும்போது வழுக்கசைவு திடீரெனத் தோன்றும். வெளிவிடும்போது அதே இடத்தில் மறையும். இதற்கு நுரையீரற் புள்ளி என்று பெயர். இப்புள்ளி காணப்பட்டால் ஐயத்துக்கு இடமில்லை. ஆனால் நுரையீரல் முழுதும் சுருங்கிச் சுவரை எங்கும் தொடாதிருப்பின் புள்ளி எங்கும் கிடையாது. 2000ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சியிற் புடைக்காற்று உடையோருள் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கினரிடமே அது காணப்பட்டது.

இனி நீர் மிகும் நிலையை நோக்குவோம். இதயத்தின் இடப்பக்கம் தளர்ந்தால், நுரையீரலின் மயிர்க்குழாய்களில் அமுக்கம் உயர்ந்து, நீர் முதலிற் சிற்றறைகளைச் சூழ்ந்த இழையங்களிலும், பின்னர்ச் சிற்றறைகளினுள்ளும் கசியும். இதுவே நுரையீரல் நீர்க்கோவை. அப்பொழுது மேற்பரப்பிலே காற்றின் நடுவே நுண்ணிய நீர்ப்பகுதிகள் அமைகின்றன. அவற்றினுட் புகுந்த ஒலி வெளியேற வழியின்றி மீண்டும் மீண்டும் தெறித்து, சிறிது சிறிதாகத் திரும்பி வருவதாகக் கருதுவர். அதனாற் புடைக்கோட்டிலிருந்து திரையின் அடிவரை நேரே இறங்கும் ஒளிக்கற்றைகள் தோன்றும். இவை பீ-கோடுகள். இடையே மங்காமலும், ஏ-கோடுகளை அழித்தும், நுரையீரலோடு சேர்ந்து அசைந்தும் செல்லுதல் இவற்றின் இயல்பு. ஒரு விலா இடைவெளியில் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட பீ-கோடுகள் தோன்றுமாயின் அவ்விடத்தில் நீர் மிகுந்துள்ளது என்பர். ஒன்றிரண்டு கோடுகள், சிறப்பாக நெஞ்சின் அடிப்பகுதியில், நலமுடையாரிடமும் உண்டு. பீ-கோடு தோன்றுதற்கு நுரையீரல் சுவரைத் தொட்டிருத்தல் வேண்டும். ஆகவே ஒரு பீ-கோடு தோன்றினாலும் அவ்விடத்திற் புடைக்காற்று இல்லை என்பது பெறப்படும்.

முன்புறத்தில் இருபக்கமும் வழுக்கசைவோடு கூடிய பல பீ-கோடுகள், திடீர் மூச்சுத்திணறல் உடையாரிடம் இதயத்தினால் வரும் நீர்க்கோவையைக் குறிக்கும். எனினும் பீ-கோடு நீரின் காரணத்தைக் கூறுவதில்லை. நுரையீரல் அழற்சியிலும், இழையம் நாராகித் தடிக்கும் நோயிலும் அது தோன்றும். அந்நோய்களிற் புடைக்கோடு கரடுமுரடாகவும் துண்டுபட்டும் காணப்படும், வழுக்கசைவும் குறையும், நோயுற்ற பகுதிகளின் இடையே நலமான பகுதிகள் விட்டுவிட்டு இருக்கும். இதய நோயிலோ புடைக்கோடு பெரும்பாலும் மெல்லியதாகவும் சீராகவும் இருக்கும். இந்நுட்பத்தை நோக்காது பீ-கோட்டைக் கண்ட மாத்திரத்தே நீரகற்றும் மருந்து கொடுப்பவர், நியூமோனியாவால் வாடி நீரிழந்த நோயாளியை மேலும் வருத்துவர்.

சிற்றறைகளிலிருந்து காற்று முற்றாக நீங்கி, அவை அழற்சி நீரினால் நிரம்பிய நிலை திண்மமாதல். நியூமோனியாவில் நுரையீரல் ஈரலைப் போலாகின்றது என நோயுடற்கூற்று அறிஞர் பண்டே கூறினர். திரையிலும் அவ்வாறே தோன்றுதல் வியப்புக்குரியது. காற்று இன்மையால் ஒலி உள்ளே சென்று, பொய்யுருவத்துக்குப் பதிலாக உண்மையுருவத்தையே காட்டும். திண்மமான பகுதிக்கும் காற்றுள்ள பகுதிக்கும் இடையேயுள்ள எல்லை, கிழிந்த துணியின் ஓரம்போல ஒழுங்கற்றிருக்கும். திண்மப்பகுதியின் உள்ளே சுவாசக்குழாய்களில் எஞ்சிய காற்று வெண்புள்ளிகளாக மின்னும். மூச்சு உள்வாங்கும்போது அப்புள்ளிகள் குழாய் வழியே நகருமாயின் குழாய் திறந்திருக்கின்றது. ஆதலின் அது குழாய் அடைபட்டுச் சுருங்கிய நுரையீரல் அன்று, நியூமோனியாவே என்னும் கருத்து வலுப்பெறும். புள்ளிகள் அசையாதிருப்பின் இரண்டில் எதுவும் ஆகலாம். திண்மமான பகுதி புடைச்சவ்வை எட்டாமல் நுரையீரலின் நடுவில் மாத்திரம் இருப்பின், சூழ்ந்த காற்று மறைத்துவிடுதலால் மீயொலிக்கு அது தோன்றாது.

நான்காவது நிலை புடைநீர். இங்கே நீர் நுரையீரலின் வெளியே, இரு சவ்வுகளுக்கும் இடையே தேங்குகின்றது. அது தாழ்ந்த இடத்தை நாடுமாதலின், ஆய்முனையை அக்குளுக்கு நேர் கீழே, இயன்றளவு முதுகுப்புறமாக வைத்து நோக்குவர். முதலிற் பிரிமென்றகட்டைக் கண்டு கொள்ளல் வேண்டும். வலப்புறத்தில் அதன் கீழே ஈரலும், இடப்புறத்தில் மண்ணீரலும் இருக்கும். பிரிமென்றகட்டின் மேலே கரிய வெளி தோன்றி, அதனுள் நுரையீரலின் நுனி மிதந்து அசையுமாயின் அது புடைநீர். பிரிமென்றகட்டை அறியாது கரிய வெளியை மாத்திரம் நோக்குபவர், வயிற்றினுள் தேங்கிய நீரையே நெஞ்சுநீர் எனக் கொண்டு ஊசியைச் செலுத்தவும் கூடும். உடலைச் சிறிது உயர்த்திக் கிடத்தி, நுரையீரலின் அடிப்பகுதியில் இரு சவ்வுகளுக்கும் இடையேயுள்ள மிகப் பெரிய தூரத்தை மில்லிமீற்றரில் அளந்து, அதனை 20ஆற் பெருக்கினால் நீரின் அளவு மில்லிலீற்றரில் ஏறக்குறையக் கிடைக்கும் என்பது 2006இல் வெளியான முறை. 25 மில்லிமீற்றர் ஆயின் ஏறக்குறைய அரை லீற்றர் நீர் உண்டு எனலாம். இது மதிப்பீடே, நூறு மில்லிலீற்றருக்கு மேலும் பிழை வருதல் கூடும்.

இக்குறிகளை ஒருங்கே கொண்டு ஆராயும் முறையை விளக்குதற்கு ஒரு நோயாளியின் நிலையைக் கற்பித்துக் காண்போம். வலது நுரையீரலின் அடிப்பகுதியில் நியூமோனியா கண்ட அறுபது வயதான ஒருவர், வாயினூடாக வாதனாளியுட் செலுத்திய குழாயோடு செயற்கைச் சுவாசப் பொறியில் இருக்கின்றார். படுக்கைத் துணியை மாற்றுதற்காகத் தாதியர் அவரைப் புரட்டிய சிறிது நேரத்தில், இரத்தத்தின் ஒட்சிசன் நிறைவு நூற்றுக்கு 96இலிருந்து 84ஆகக் குறைகின்றது. பொறியின் அமுக்கம் ஏறுகின்றது. நெஞ்சுக்குழலாற் கேட்குமிடத்து இடப்புறத்தில் மூச்சொலி இல்லை. பொறியினாற் சுவாசிப்பவருக்கு நுரையீரல் வெடித்துப் புடைக்காற்று உண்டாதல் இயல்பே. அதுவாயின் இடது மார்பைத் துளைத்துக் குழாய் வைத்தல் வேண்டும். குருதியமுக்கம் வீழ்ந்து உயிர் பிரியும் தறுவாயாயின் எக்கருவிக்கும் காத்திராது அதனைச் செய்வதே முறை. இவருடைய குருதியமுக்கம் நிலையாக இருத்தலின் ஆராய்தற்குச் சில நிமிடங்கள் உண்டு.

ஆய்முனையை வலது முன்மார்பில் வைத்தபோது வழுக்கசைவு நன்கு தோன்றுகின்றது, ஏ-கோடுகளும் உள. இடது முன்மார்பில் ஏ-கோடுகள் உள, வழுக்கசைவு இல்லை. அரைகுறையாகக் கற்றவர் இங்கேயே நின்று, புடைக்காற்று என்று கூறி ஊசியை எடுப்பர். ஆயின் ஆய்முனையை அசைக்காது சிறிது நேரம் உற்றுநோக்கினால், இடது புடைக்கோடு மூச்சோடு அசையாவிடினும் இதயத்தின் ஒவ்வொரு துடிப்போடும் சிறிது நடுங்குதல் தெரிகின்றது. இதற்கு நுரையீரல் நாடி என்று பெயர். இதயத்தின் துடிப்பு புடைக்கோட்டை அடைதற்கு இடையே நுரையீரல் இருந்து அதனைக் கடத்தல் வேண்டும். நடுவே காற்றுப்படை இருப்பின் அந்நடுக்கம் சுவரை எட்டாது. ஆகவே இடது நுரையீரல் சுவரைத் தொட்டபடியே இருக்கின்றது. அதனுட் புதிய காற்றுச் செல்லவில்லை என்பதே குறை. இடது விலாப்புறத்தின் அடியிற் கரிய வெளி இல்லை. எனவே புடைநீரும் காரணமன்று. முன்புறத்தில் இருபக்கமும் பீ-கோடுகள் இன்மையால் நீர்க்கோவையும் அன்று. வலது முதுகுப்புறத்திலுள்ள திண்மம் பழைய நியூமோனியாவே. அதனுள் வெண்புள்ளிகள் மூச்சோடு நகர்கின்றன.

எஞ்சியது இடது பெருங்குழாய்க்குக் காற்றுச் செல்லாமை ஒன்றே. குழாயின் மேலுள்ள அளவுக்குறியை நோக்கினால், காலையிற் பற்களின் மட்டத்தில் 23 சென்ரிமீற்றரில் இருந்தது, இப்பொழுது 27இல் நிற்கின்றது. புரட்டும்போது குழாய் உள்ளே வழுகி, வலது பெருங்குழாயினுட் புகுந்துவிட்டது. அதன் முனையிலுள்ள காற்றுப்பையைத் தளர்த்தி, குழாயை 23 வரை மீட்டு, பையை மறுபடி நிரப்பியதும், சில மூச்சுக்களில் இடப்புறத்தில் வழுக்கசைவு திரும்புகின்றது. ஒட்சிசன் நிறைவும் ஏறுகின்றது. அசைவு மறைந்ததை மாத்திரம் நம்பித் துளையிட்டிருந்தால், விரிந்திருந்த நுரையீரலை ஊசி கிழித்து, இல்லாத புடைக்காற்றை உண்டாக்கியிருக்கும். குழாயை மீட்டும் அசைவு திரும்பாதிருந்தால், சளி அடைப்பைத் தேடியிருத்தல் வேண்டும்.

இம்முறை எத்துணை நம்பத்தக்கது என்பதற்கு லிக்டென்சுடைன் குழுவினர் 2008இல் வெளியிட்ட ஆராய்ச்சி சான்றாகும். கடும் மூச்சுத்திணறலோடு வந்த 260 நோயாளரின் நெஞ்சை இக்குறிகளாலும், காலின் நாளங்களிற் குருதி உறைந்துள்ளதா என்னும் சோதனையாலும் ஆராய்ந்து கூறிய முடிவு நூற்றுக்கு 90.5 பேரிடம் பிழையின்றி அமைந்தது. எஞ்சிய பத்தில் ஒருவர் கணக்கை மறந்துவிடுதல் கூடாது. தோலின் கீழே காற்றுப் பரவியிருப்பினும், காயக்கட்டு மார்பை மூடியிருப்பினும் ஒலி உட்செல்லாது. நுரையீரலிற் பெருங்காற்றுப்பைகள் உடையாரிடம் வழுக்கசைவு குன்றிப் புடைக்காற்றுப் போலத் தோன்றும். மருத்துவர் ஆய்முனை வைத்த இடத்தை மாத்திரமே திரை காட்டும். வைக்காத இடத்தைப் பற்றி அது யாதும் கூறாது.

ஆதலின் இக்கருவியைக் கையாள்பவர் திரையை நோக்கும்தோறும் மூன்று வினாக்களை ஒழுங்காகக் கேட்டுச் செல்வர். புடைக்கோடு அசைகின்றதா? அதன் கீழே கிடைக்கோடா, நிலைக்கோடா, உறுப்பின் உண்மையுருவமா? அடிப்பகுதியில் நீர் உண்டா? இவ்வினாக்களுக்குக் கிடைத்த விடைகளை நோயாளியின் வரலாற்றோடும், நெஞ்சுக்குழல் கூறியதோடும், குழாயின் மேலுள்ள அளவுக்குறியோடும் இணைத்த பின்னரே ஊசியைக் கையில் எடுத்தல் தகும்.